கொல்லாத மருந்தின் வேலை

மருந்துச் சீட்டில் 'அமாக்சிசிலின் + கிளாவுலானிக் அமிலம்' என்று எழுதியிருந்தால் நோயாளி மட்டுமல்ல, பல நேரம் எழுதிக் கொடுத்த டாக்டரும் முதல் பெயரைத்தான் மருந்தாக நினைப்பார். பாக்டீரியாவைக் கொல்வது அதுதான் என்பதால் அதில் தவறில்லை. இரண்டாவது பெயர் தனியாகப் போனால் பெரும்பாலான கிருமிகளை ஒன்றுமே செய்யாது. ஆனால் சனத்நகரில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் உட்கார்ந்து தினமும் பிளேட் பார்க்கிற எனக்கு, அந்த இரண்டாவது பெயர்தான் முக்கியமாகிப் போனது. நோயாளி பிழைப்பதும் பிழைக்காததும் அதைப் பொறுத்து மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சனத்நகர் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழ்கிறவர்கள். எர்ரகட்டா, மூசாபேட்டை, போரபண்டா, ஃபத்தேநகர். லேத் பட்டறை, மருந்து கம்பெனி பேக்கிங், லாரி லோடிங். காய்ச்சல் வந்தால் முதலில் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு நாள் மாத்திரை, பிறகு தெரு முனை கிளினிக்கில் ஊசி, அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. எங்கள் மேசைக்குச் சிறுநீர் பாட்டில் வந்து சேரும்போது உள்ளே இருக்கிற கிருமி ஏற்கெனவே இரண்டு மூன்று மருந்துகளைச் சந்தித்துத் தப்பித்திருக்கும்.

அப்படி வந்த ஒரு பாட்டிலில் நடந்ததைச் சொல்கிறேன். பேக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகத் தொற்று. வளர்ந்தது ஈ.கோலை. கிருமியை உப்புநீரில் கரைத்து, 0.5 மெக்ஃபார்லாண்ட் என்று நாங்கள் சொல்கிற கலங்கல் அளவுக்குக் கொண்டுவந்தோம். அது மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடி கிருமி. பஞ்சுக்குச்சியால் முல்லர்-ஹின்டன் ஆகார் முழுக்கப் பரப்பி, மேலே இரண்டு டிஸ்க் வைத்தோம். ஒன்றில் செஃப்டாசிடிம் 30 மைக்ரோகிராம். மற்றதில் அதே 30 மைக்ரோகிராம் செஃப்டாசிடிமோடு கூடுதலாக 10 மைக்ரோகிராம் கிளாவுலானிக் அமிலம். இரவு முழுக்க 35 டிகிரியில் இன்குபேட்டரில் இருந்தது.

காலையில் எடுத்தால், முதல் டிஸ்கைச் சுற்றி 14 மி.மீ. வட்டம். அதாவது டிஸ்குக்கு மிக அருகில் வரை கிருமி வளர்ந்து வந்துவிட்டது, மருந்து தோற்றுவிட்டது. இரண்டாவதைச் சுற்றி 24 மி.மீ. சுத்தமான வட்டம். செஃப்டாசிடிம் ஒரு மைக்ரோகிராம்கூடக் கூடவில்லை. அப்படியிருந்தும் அது பழைய பலத்தோடு வேலை செய்திருக்கிறது. வித்தியாசம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தக் கிருமி ஈஎஸ்பிஎல் என்ற நொதியைச் சுரக்கிறது என்று அறிக்கை எழுதுவோம். புதிதாகச் சேரும் டெக்னீஷியன்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பிளேட்டைத்தான். பாடப்புத்தகத்தில் அரை அத்தியாயம் எடுக்கிற விஷயம் அங்கே கண்ணுக்கு நேராகத் தெரியும்.

நடப்பது இதுதான். பாக்டீரியா தன் உடம்பைச் சுற்றி ஒரு சுவர் கட்டுகிறது. அந்தச் சுவரின் இழைகளைக் குறுக்கே இணைத்துப் பின்னுவதற்கு அதனிடம் சில புரதங்கள் உண்டு. பெனிசிலின், செஃபலோஸ்போரின் எல்லாவற்றிலும் நாலு அணுக்கள் கொண்ட ஒரு சிறிய வளையம் இருக்கிறது. அதுதான் பீட்டா-லாக்டம். சுவர் கட்டும் புரதம் இந்த மருந்தைச் சுவரின் துண்டு என்று நினைத்துப் பிடிக்கும். பிடித்ததும் வளையம் திறந்து புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். புரதம் முடங்கும், சுவர் பின்னப்படாமல் கிருமி வெடிக்கும். இதற்குக் கிருமி கண்ட பதில் பீட்டா-லாக்டமேஸ். இந்த நொதியும் மருந்தைப் பிடிக்கிறது, இதிலும் வளையம் திறக்கிறது. ஆனால் உடனே ஒரு தண்ணீர் மூலக்கூறைக் கொண்டுவந்து, திறந்த மருந்தைக் கழற்றி வெளியே தள்ளிவிட்டு அடுத்ததைப் பிடிக்கப் போய்விடுகிறது. ஒரே நொதி மூலக்கூறு இப்படி ஆயிரக்கணக்கான மருந்து மூலக்கூறுகளை நாசம் செய்யும்.

கிளாவுலானிக் அமிலத்திலும் அதே வளையம் இருக்கிறது. நொதி அதையும் மருந்து என்று நம்பிப் பிடிக்கிறது. பிடித்த பிறகு அது உருமாறி, தண்ணீரால் கழற்ற முடியாதபடி நொதியின் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. கத்தரிக்கோலின் இரண்டு வாய்க்கும் நடுவே கெட்டிப் பிசின் ஒட்டிக்கொண்ட மாதிரி. கத்தரி இருக்கும், ஆனால் வெட்டாது. அந்த இடைவெளியில் செஃப்டாசிடிம் உடையாமல் சுவர் வரை போய்ச் சேருகிறது.

மருந்தை உடைக்கும் நொதி இருப்பது புதிய செய்தி அல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் முதல் நோயாளிக்குப் பெனிசிலினைச் செலுத்துவதற்கு முன்பே, 1940 டிசம்பரில், ஏப்ரஹாமும் செயினும் அந்த நொதியைப் பற்றி எழுதிவிட்டார்கள். அதை அடக்கும் பொருளைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் இன்னும் முப்பது வருஷம் ஆனது. இங்கிலாந்தில் பீச்சம் கம்பெனி ஆட்கள் செய்த தேடல் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆகாரிலேயே பெனிசிலினைக் கலந்து, அதை உடைக்கக்கூடிய கிளெப்சியெல்லாவை அதில் விதைத்தார்கள். பெனிசிலின் இருந்தும் கிருமி வளரும். அதன்மேல் மண் நுண்ணுயிர்களின் சாற்றை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். எந்தச் சாற்றைச் சுற்றி வட்டம் விழுகிறதோ அதில் நொதியை முடக்கும் பொருள் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசஸ் கிளாவுலிஜெரஸ் என்ற நுண்ணுயிரின் சாற்றில் அந்த வட்டம் விழுந்தது. அதிலிருந்த பொருள்தான் கிளாவுலானிக் அமிலம், அமாக்சிசிலினோடு சேர்த்து 1981-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. தினமும் காலையில் நாங்கள் ஸ்கேல் வைத்து அளக்கிற வட்டத்தின் மூதாதை அந்தச் சாற்றைச் சுற்றி விழுந்த வட்டம்தான்.

இந்தக் கூட்டாளிக்கு ஒரு பலவீனம் உண்டு. ஈரத்தைத் தாங்காது. ஒரு மழைக்காலத்தில் ஈஎஸ்பிஎல் கணக்கு திடீரென்று குறைந்தது. ஊரில் கிருமிகள் திருந்திவிட்டன என்று யாரும் சந்தோஷப்படவில்லை. தரக் கட்டுப்பாட்டுக்கென்று வைத்திருக்கும் கிளெப்சியெல்லா, ஏடிசிசி 700603, ஈஎஸ்பிஎல் சுரக்கிறது என்று உலகத்துக்கே தெரிந்த கிருமி. அதைப் போட்டுப் பார்த்தால் இரண்டு டிஸ்குக்கும் நடுவே 5 மி.மீ. வித்தியாசம் வர வேண்டும். அந்த வாரம் 2 மி.மீ. தாண்டவில்லை. தனி செஃப்டாசிடிம் டிஸ்கின் வட்டம் சரியாகவே இருந்தது. எனவே கெட்டது டிஸ்கிலிருந்த கிளாவுலானிக் அமிலம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த டப்பா அறை வெப்பத்துக்கு வருவதற்குள் மூடியைத் திறந்தால், உள்ளே பனி படிந்து ஈரம் இறங்கிவிடும். டிஸ்க் பார்க்க அப்படியே வெள்ளையாகத்தான் இருக்கும்.

"மேடம், எக்ஸ்பைரி டேட் இன்னும் எட்டு மாசம் இருக்கே?" என்றான் டெக்னீஷியன் தம்பி.

"டப்பா திறக்கிற வரைக்கும்தாம்பா அந்தத் தேதி. திறந்த பிறகு நம்ம கன்ட்ரோல் கிருமி சொல்றதுதான் தேதி" என்றேன்.

அந்த வாரத்தில் 'ஈஎஸ்பிஎல் இல்லை' என்று வந்த எல்லாக் கிருமிகளையும் புது டப்பாவில் மறுபடி போட்டோம். சில மாறின. அந்த வார்டுகளுக்குப் போன் செய்து சொன்னோம்.

அடுத்து வருவது அளவு. இங்கேதான் பிளேட் நம்மை ஏமாற்றும். ஒருமுறை மெடிசின் வார்டிலிருந்து ஓர் இளம் டாக்டர் போன் செய்தார். ரத்தத்தில் ஈ.கோலை, செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காதது. எங்கள் அறிக்கையில் பைபராசிலின்-டாசோபாக்டமுக்கு 'எஸ்' போட்டிருந்தது.

"மேடம், பிப்டாஸ் சென்சிடிவ்னு நீங்களே கொடுத்திருக்கீங்க. அதையே போடலாம்ல? மெரோபெனத்தை எதுக்குச் செலவு பண்ணணும்?"

நல்ல கேள்வி. மெரோபெனத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற எண்ணமும் நல்லதுதான். ஆனால் இதே கேள்வியை வைத்து மெரினோ என்ற ஆய்வைப் பல நாடுகளில் நடத்தி 2018-இல் வெளியிட்டார்கள். செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத, ஆனால் பைபராசிலின்-டாசோபாக்டமுக்கு அடங்கும் கிருமி ரத்தத்தில் இருந்த நோயாளிகளில், அந்தக் கூட்டு மருந்து கொடுத்தவர்களில் 30 நாளுக்குள் 12.3 சதவீதம் பேர் இறந்தார்கள். மெரோபெனம் கொடுத்தவர்களில் 3.7 சதவீதம். அதை அவரிடம் சொன்னேன். மெரோபெனமே போட்டார்கள்.

ஏன் அப்படி? முடக்கும் மருந்து ஒரு நொதி மூலக்கூறைக் கட்டிப்போட்டதும் தானும் தீர்ந்துவிடுகிறது. ஆகவே நொதி எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ற டாசோபாக்டம் அந்த இடத்தில் இருக்க வேண்டும். பிளேட்டில் நாங்கள் பரப்புவது அளந்த கிருமி. தொற்று முற்றிய உடம்பில் கிருமி பல மடங்கு அடர்த்தியாக இருக்கலாம், நொதியும் அப்படியே பெருகும். தவிர, சில ஈ.கோலையில் ஈஎஸ்பிஎல்லோடு ஓஎக்ஸ்ஏ-1 என்ற இன்னொரு நொதியும் சேர்ந்து இருக்கும். டாசோபாக்டம் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. எளிய சிறுநீர்த் தொற்றில் மருந்து சிறுநீரில் குவிவதால் சமாளித்துவிடும். ரத்தத்தில் அதை நம்ப முடியாது. அதற்குப் பிறகு எங்கள் அறிக்கையில் அந்த 'எஸ்' பக்கத்தில் ஒரு குறிப்பு சேர்த்து அனுப்புகிறோம்.

டாசோபாக்டமையே கொஞ்சம் திருத்தினால் என்ன என்று சென்னையில் யோசித்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆர்க்கிட் கம்பெனியின் ஆய்வகத்தில் அதன் மூலக்கூறில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்து உருவாக்கியது என்மெட்டாசோபாக்டம். கிருமியின் வெளிச் சவ்வைத் தாண்டி உள்ளே போக அந்த மெத்தில் தொகுதி உதவுகிறது. செஃபிபிமோடு அதைச் சேர்த்துச் சிக்கலான சிறுநீர்த் தொற்றில் சோதித்தபோது 79.1 சதவீதம் பேருக்குத் தொற்று தீர்ந்தது. பைபராசிலின்-டாசோபாக்டமில் 58.9 சதவீதம். 2024 பிப்ரவரியில் அமெரிக்க எஃப்டிஏ அனுமதித்தது. கண்டுபிடித்த இடம் சென்னை என்பதை என் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன்.

இதுவரை சொன்ன எல்லா முடக்கிகளும் தோற்கிற இடம் என்டிஎம். 2008-இல் சுவீடனில் ஒரு நோயாளியிடம் கண்டு, அவர் முன்பு சிகிச்சை பெற்ற ஊரின் பெயரால் நியூ டெல்லி என்று பெயர் வைத்தார்கள். 2010-இல் சென்னை, ஹரியானா மாதிரிகளோடு வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. இதுவரை பார்த்த மற்ற நொதிகள் மருந்தைப் பிடிக்க செரின் என்ற அமினோ அமிலத்தைப் பயன்படுத்துகின்றன. என்டிஎம்மில் அந்த வேலையை இரண்டு துத்தநாக அயனிகள் செய்கின்றன. கிளாவுலானிக் அமிலம் ஒட்டிக்கொள்வது செரினோடு. இங்கே அது இல்லை. அவிபாக்டம் என்ற புதிய முடக்கியும் செரினைத்தான் தேடுகிறது. எனவே செஃப்டாசிடிம்-அவிபாக்டம் கொடுத்தால் என்டிஎம் அந்த செஃப்டாசிடிமை நிதானமாக உடைத்துப் போடும்.

லேத் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர், ஐம்பது தாண்டியவர், சர்க்கரை நோயாளி. சிறுநீரகக் கல்லுக்கு வேறிடத்தில் வைத்தியம் பார்த்துவிட்டு நடுங்கும் காய்ச்சலோடு வந்தார். ரத்தக் கல்ச்சர் மறுநாளே பாசிட்டிவ், கிளெப்சியெல்லா. மெரோபெனம் டிஸ்கைச் சுற்றி வட்டமே இல்லை. கார்ட் டெஸ்ட் போட்டோம். கால் மணி நேரத்தில் இரண்டு கோடு விழுந்தது. ஒன்று என்டிஎம், ஒன்று ஓஎக்ஸ்ஏ-48.

இங்கே ஒரு வழி இருக்கிறது. அஸ்ட்ரியோனம் என்ற பீட்டா-லாக்டமை என்டிஎம்மால் உடைக்க முடியாது. அதன் வடிவம் துத்தநாகத்துக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. ஆனால் என்டிஎம் வைத்திருக்கிற கிருமிகள் பெரும்பாலும் ஈஎஸ்பிஎல்லையும் கூடவே வைத்திருக்கும். அது அஸ்ட்ரியோனத்தை உடைத்துவிடும். ஈஎஸ்பிஎல்லை அவிபாக்டம் கட்டிப்போடும். ஆக, செஃப்டாசிடிம்-அவிபாக்டமையும் அஸ்ட்ரியோனத்தையும் சேர்த்துக் கொடுத்தால், செஃப்டாசிடிம் பலியானாலும் அவிபாக்டம் காவலுக்கு நிற்க, அஸ்ட்ரியோனம் சுவரைப் போய்ச் சேரும். அஸ்ட்ரியோனத்தையும் அவிபாக்டமையும் ஒரே குப்பியில் சேர்த்த மருந்தை 2024-இல் ஐரோப்பாவும் 2025-இல் அமெரிக்காவும் அனுமதித்தன. எங்கள் கையில் அது இல்லை. இரண்டு குப்பிகளாகத்தான் சேர்க்க வேண்டும்.

சேருமா என்பதைச் சோதிக்க அதிகச் செலவில்லாத முறை இருக்கிறது. நாலு குழாய், ஒவ்வொன்றிலும் 2 மி.லி. முல்லர்-ஹின்டன் குழம்பு. முதல் குழாய் வெறுமை. இரண்டாவதில் ஓர் அஸ்ட்ரியோனம் டிஸ்க். மூன்றாவதில் ஒரு செஃப்டாசிடிம்-அவிபாக்டம் டிஸ்க். நான்காவதில் இரண்டும். அரை மணி நேரம் மருந்து டிஸ்கிலிருந்து குழம்பில் இறங்கட்டும் என்று விட்டுவிட்டு, எல்லாவற்றிலும் ஒரே அளவு கிருமியை விட்டு இன்குபேட்டரில் வைப்போம். மறுநாள் காலை, முதல் மூன்று குழாயும் மோர் மாதிரி கலங்கியிருந்தன. நான்காவதைத் தூக்கிப் பிடித்தால் பின்னால் இருந்த சுவர்க் காலண்டரின் எழுத்தைப் படிக்க முடிந்தது. தனித்தனியே தோற்ற இரண்டு மருந்துகள் சேர்ந்து ஜெயித்திருந்தன.

டாக்டருக்குச் சொன்னதோடு நிற்காமல், நர்ஸ் அக்காவையும் போனில் பிடித்தேன். காரணம் நேரம். செஃப்டாசிடிம்-அவிபாக்டம் 2.5 கிராம், அஸ்ட்ரியோனம் 2 கிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மூன்று மணி நேரச் சொட்டாக. இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். வார்டு வழக்கப்படி ஒன்று முடிந்த பிறகு அடுத்ததை மாட்டினால், அஸ்ட்ரியோனம் ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் அவிபாக்டம் இறங்கிப் போயிருக்கும், காவல் இல்லாத மருந்தை ஈஎஸ்பிஎல் தின்றுவிடும்.

"ஒரே வேன்ஃப்ளான்ல ரெண்டையும் விடலாமா மேடம்?"

"அதை ஃபார்மசியில கேட்டுக்கோங்க அக்கா. எனக்கு வேண்டியது ரெண்டும் ஒரே மணிக்கு ஆரம்பிக்கிறது."

இரண்டு கையிலும் ஊசி போட்டு ஓட்டினார்கள். சில நாளில் காய்ச்சல் விட்டது. மறுபடி எடுத்த ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை.

நான்காவது குழாய் எப்போதும் தெளியும் என்று நினைத்துவிடக் கூடாது. கிளெப்சியெல்லாவில் தெளிகிற அளவுக்கு நம் நாட்டு ஈ.கோலையில் தெளிவதில்லை. என்டிஎம் உள்ள ஈ.கோலையில் பலவற்றில் சுவர் பின்னும் புரதமே மாறியிருக்கிறது, பிபிபி-3 என்பது அதன் பெயர். நாலு அமினோ அமிலங்கள் கூடுதலாகச் செருகப்பட்டு, அஸ்ட்ரியோனம் பிடித்து ஒட்டும் இடம் இறுகிவிட்டது. அங்கே அவிபாக்டம் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தாலும் பயனில்லை, காப்பாற்றப்பட்ட மருந்துக்குப் போய் ஒட்ட இடம் இல்லை. நொதியை முடக்குகிற மருந்து நொதியால் வந்த எதிர்ப்பை மட்டும்தான் நீக்கும். அதனால்தான் கார்டில் என்டிஎம் கோட்டைப் பார்த்ததுமே கூட்டு மருந்தை ஆரம்பித்துவிட்டு நிம்மதியாக இருக்காமல், நாலு குழாய் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. குழந்தைக்கு அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமில சிரப் கொடுக்கிறீர்கள் என்றால், ஆறின தண்ணீரில் குறி வரை கலக்கிய நிமிஷத்திலிருந்து உள்ளே கிளாவுலானிக் அமிலம் சிதையத் தொடங்கிவிடுகிறது. கெட்டுப்போவது கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. ஃபிரிட்ஜில் வையுங்கள், பாட்டிலில் போட்டிருக்கும் நாள், பெரும்பாலும் 7, முடிந்ததும் மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்காதீர்கள். மாத்திரையிலும் கணக்கு உண்டு. 625 என்பது 500 அமாக்சிசிலின், 125 கிளாவுலானிக் அமிலம். 375 என்பது 250-உம் அதே 125-உம். 625 கிடைக்கவில்லை என்று கடைக்காரர் இரண்டு 375 கொடுத்தால் வாங்காதீர்கள். அமாக்சிசிலின் சரியாக இருக்கும், கிளாவுலானிக் அமிலம் இரட்டிப்பாகி வயிற்றைக் கலக்கும். டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.